பிரசங்கத்தை ஆராய எந்த வழி? ஒரு வானொலிப் பாதிரியாரை வைத்து ஓர் ஒப்பீடு

பிரசங்கங்களையோ சமய ஒலிபரப்புகளையோ ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்த முறையில் செய்யலாம்?" என்றுதான். சொற்களை எண்ணலாம். பேச்சு உத்திகளை அடையாளம் கண்டு பெயரிடலாம். ஒன்றிரண்டு உரைகளை மட்டும் எடுத்து வரிவரியாகப் படிக்கலாம். கேட்டவர்களிடமே போய் விசாரிக்கலாம். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது இது: ஆய்வின் கடைசிப் பக்கத்தில் என்ன வாக்கியம் எழுத ஆசைப்படுகிறீர்கள்? "இந்தப் போதகர் இப்படிப் பேசுகிறார்" என்பது ஒரு வாக்கியம். "இவர் பேச்சால் மக்கள் இப்படி மாறினார்கள்" என்பது முற்றிலும் வேறு வாக்கியம். முதலாவதைத் தாங்கும் சான்று இரண்டாவதைத் தாங்காது.

இதைக் காட்ட அமெரிக்காவின் சார்ல்ஸ் காக்லினைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. டெட்ராய்ட் நகரை ஒட்டிய ராயல் ஓக் என்ற ஊரில் கத்தோலிக்கப் பங்குத்தந்தையாக இருந்தவர். 1926-இல் உள்ளூர் வானொலியில் பேசத் தொடங்கினார். 1930-இல் சி.பி.எஸ். வானொலி நிறுவனம் அவர் பேச்சை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அந்த நிறுவனம் கைவிட்டதும் தானே நிலையங்களிடம் நேரம் வாங்கிப் பேசினார். ஞாயிறு பிற்பகல் அவர் குரல் கேட்காத தெரு இல்லை என்கிற அளவுக்குப் புகழ் வளர்ந்தது. பொருளாதார வீழ்ச்சிக் காலம் அது. வங்கிக்காரர்களைச் சாடினார், தொழிலாளிக்கு நியாயம் கேட்டார், முதலில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்டை ஆதரித்தார், பிறகு எதிர்த்தார். 1938 வாக்கில் யூத வெறுப்பை வெளிப்படையாகவே பரப்பினார். அவர் காலத்திலேயே ஆராய்ச்சியாளர்கள் அவரை வேறுவேறு வழிகளில் அணுகினார்கள். அதனால் எந்த வழி எதுவரை கொண்டுபோகும் என்று அவரை வைத்தே பார்த்துவிடலாம்.

எண்ணிப் பார்ப்பது

முதல் வழி, நிறைய உரைகளைத் திரட்டி எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது. நூறு உரைகளை ஒரே பார்வையில் பார்க்க இதைவிட்டால் வேறு வழியில்லை. ஒருவர் பேச்சு எந்த ஆண்டில் திரும்பியது என்று காட்ட இது சரியான கருவி. காக்லினுடைய ஆரம்ப கால உரைகளையும் 1938 உரைகளையும் அருகருகே வைத்தால் பேசுபொருள் நகர்ந்ததை எண்ணிக்கை காட்டிவிடும்.

ஆனால் சிக்கல் எங்கே வருகிறது என்றால், 1938-க்கு முந்தைய உரைகளில் "யூதர்" என்ற சொல்லை மட்டும் தேடுகிறவருக்கு அதிகம் சிக்காது. அந்த உரைகளில் அவர் "சர்வதேச வங்கிக்காரர்கள்" என்பார். ரோத்சைல்டு, வார்பர்க், கூன்-லோப் என்று யூத வங்கிக்காரர்களின் பெயர்களை அடுக்குவார். நடுவே யூதரல்லாத வங்கிக்காரர் மார்கனையும் சேர்ப்பார். சொல் இல்லை, ஆகவே வெறுப்பும் இல்லை என்று முடிவு கட்டினால் தவறு. பெயர்ப் பட்டியலே வெறுப்புக்குச் சான்று என்று சொன்னாலும், மார்கன் பெயரை நீட்டி உங்களை மறித்துவிடுவார்கள். அந்தக் கால நேயர் அந்த வரிசையை எப்படிக் கேட்டிருப்பார் என்பதற்குத் தனியாகச் சான்று கொண்டுவர வேண்டும். எண்ணிக்கை அதைத் தராது.

இன்னொன்று, எதை எண்ணுகிறோம் என்பது. காக்லின் உரைகள் சிறுபுத்தகங்களாக அச்சாகி விற்பனையானவை. அச்சில் கிடைப்பதை மட்டும் எண்ணினால் வானொலியில் உண்மையில் பேசியதை எண்ணியதாக ஆகாது. இன்றைக்கு இதே ஆபத்து வேறு உருவில் இருக்கிறது. ஒரு போதகரின் இரண்டு மணி நேரக் கூட்டத்திலிருந்து யாரோ வெட்டி ஏற்றிய மூன்று நிமிடத் துண்டுகள்தான் இணையத்தில் முதலில் கண்ணில் படும். அவற்றை எண்ணினால், துண்டு வெட்டியவரின் ரசனையை எண்ணியிருக்கிறோம். போதகரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

உத்திகளுக்குப் பெயர் வைப்பது

1937-இல் நியூயார்க்கில் பிரசாரப் பகுப்பாய்வுக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அவர்கள் ஏழு உத்திகளைப் பட்டியலிட்டார்கள். எதிரிக்கு இழிபெயர் சூட்டுவது, பளபளக்கும் பொதுச்சொற்களைப் பயன்படுத்துவது, மதிப்புள்ள ஒன்றின் மதிப்பைத் தன் பக்கம் மாற்றிக்கொள்வது, சான்றாளரை அழைப்பது, "நானும் உங்களைப் போல எளியவன்" என்று காட்டுவது, சாதகமானதை மட்டும் அடுக்குவது, "எல்லாரும் வந்துவிட்டார்கள், நீயும் வா" என்பது. 1939-இல் காக்லின் உரைகளையே எடுத்து, வாக்கியங்களுக்கு நடுவே சின்னச் சின்னக் குறிகள் இட்டு, எந்த உத்தி எங்கே வருகிறது என்று ஒரு புத்தகம் முழுக்கக் காட்டினார்கள்.

அந்த நாளில் பொதுமக்களுக்கு அது பெரிய உதவி. ஆய்வுக்கு இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை. காரணம் பிரசங்கம் என்ற வகையிலேயே இருக்கிறது. எந்த ஊர்ப் பிரசங்கத்தை எடுத்தாலும் வேதத்தின் மதிப்பு பேசுகிறவரின் கருத்துக்கு மாறும். சாட்சி சொல்லுதல் அங்கே வழிபாட்டின் ஓர் அங்கம். "நானும் பாவிதான்" என்று போதகர் தொடங்குவது நூற்றாண்டுப் பழக்கம். இந்தப் பட்டியலை ஒரு சாதுவான ஞாயிறு பிரசங்கத்தின் மேல் போட்டாலும் பக்கம் முழுக்கக் குறிகள் விழும். எல்லாவற்றிலும் ஒட்டும் சீட்டு எதையும் பிரித்துக் காட்டாது.

இதிலிருந்து ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: ஒப்பிட ஒரு துணை உரை இல்லாமல் எதையும் "இவருடைய தனித்தன்மை" என்று எழுதாதீர்கள். காக்லினுக்கு நல்ல துணை அவர் திருச்சபையிலேயே இருந்தது. 1930-இல் என்.பி.சி. வானொலியில் தொடங்கிய கத்தோலிக்க நேரம் என்ற நிகழ்ச்சியில் ஃபுல்டன் ஷீன் என்ற பாதிரியார் பேசிவந்தார். அதே மதம், அதே ஊடகம், அதே பத்தாண்டு. ஷீனிடமும் இருக்கும் கூறு பிரசங்க மரபைச் சேர்ந்தது. ஷீனிடம் இல்லாமல் காக்லினிடம் மட்டும் திரும்பத் திரும்ப வருவதுதான் நீங்கள் வாதாட வேண்டிய இடம்.

வரிவரியாகப் படிப்பது

நேரமும் ஆளும் குறைவாக இருக்கிற ஒருவருக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். மூன்று நான்கு உரைகள் போதும். ஆனால் அவற்றில் யார் குரலில் என்ன சொல்லப்படுகிறது என்பதை விடாமல் தொடர வேண்டும்.

1938 நவம்பர் 20 அன்று காக்லின் பேசிய உரையைப் பாருங்கள். ஜெர்மனியில் யூதர் கடைகளையும் தொழுகைக்கூடங்களையும் நாஜிகள் உடைத்து எரித்த இரவு கடந்து பதினோரு நாள்கூட ஆகவில்லை. அந்த உரையில் அவர் வன்முறையை வெளிப்படையாக ஆதரிக்கவில்லை. யூதர் துன்பத்துக்கு வருந்துவதாகவே தொனி. ஆனால் நாஜிசம் என்பது கம்யூனிசத்துக்கு எதிரான ஒரு தற்காப்பு என்று விளக்கினார். கிறிஸ்தவர்கள் முதலில் துன்புறுத்தப்பட்டார்கள், யூதர்கள் துன்பப்பட்டது அதற்குப் பின்புதான் என்று வரிசையை மாற்றி அடுக்கினார். ரஷ்யப் புரட்சிக்கு யூத வங்கிக்காரர்கள் பணம் கொடுத்தார்கள் என்ற பொய்யைத் தன் வாயால் சொல்லாமல், அரசு ஆவணங்கள் சொல்வதாகச் சொன்னார். உரை முடிந்தவுடன் நியூயார்க்கின் டபிள்யூ.எம்.சி.ஏ. நிலைய அறிவிப்பாளர், அதில் உண்மைப் பிழைகள் இருப்பதாக அறிவித்தார். பின்னர் அந்த நிலையம் அவர் உரையை ஒலிபரப்பவே மறுத்தது.

இதில் ஆராய வேண்டியது வெறுப்புச் சொல் எங்கே இருக்கிறது என்பதல்ல. பொறுப்பு எப்படிக் கைமாறுகிறது என்பது. பேசும் குரல் காக்லினுடையது. வாக்கியத்தைக் கட்டியவரும் அவரே. ஆனால் "இதை நம்புகிறவர் யார்?" என்று கேட்டால் ஆவணத்தைக் காட்டுகிறார். பாதிரி உடையும் ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஆவணத்துக்கு நம்பகம் தருகின்றன, ஆவணமோ பாதிரியைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறது. இந்தச் சுற்றை ஒரே உரையில் நான்கு இடங்களில் காட்ட முடிந்தால், "இவர் குற்றச்சாட்டை மேற்கோளாகவே வைக்கிறார்" என்று தைரியமாக எழுதலாம். அவர் மனதில் என்ன இருந்தது என்று எழுத வேண்டிய அவசியமே வராது.

இதே காலத்தில் ஜெர்மன் சிந்தனையாளர் தியடோர் அடோர்னோ, கலிபோர்னியாவில் பேசிவந்த மார்ட்டின் லூதர் தாமஸ் என்ற வேறொரு வானொலிப் போதகரை இப்படி நுணுக்கமாகப் படித்தார். அதில் அவர் பெயரிட்ட ஒன்றை நான் இன்றும் பயன்படுத்துகிறேன்: "எனக்குப் பின்னால் யாரும் இல்லை, பணக்காரன் இல்லை, கட்சி இல்லை, நீங்கள் மட்டும்தான்" என்று பேசுவது. தனி ஓநாய் வேடம் என்பார். காணிக்கை கேட்கும் நிமிடத்துக்குச் சற்று முன்னால் இது வருகிறதா என்று எந்த ஒலிபரப்பிலும் பார்க்கலாம். இங்கே சொல்லைவிட இடம் முக்கியம். எண்ணிப் பார்ப்பவர் கைக்கு அந்த இடம் சிக்காது.

தமிழில் இந்த வழிக்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது, ஒரு கூடுதல் பொறியும் இருக்கிறது. மேற்கோளை முடிக்கும் "என்று" நம் மொழியில் கடைசியில்தான் வரும். அதை ஒருவர் சொல்லாமலே விட்டுவிட்டால், வசனம் எங்கே முடிந்தது, போதகர் எங்கே தொடங்கினார் என்பது கேட்பவருக்குத் தெரியாது. புரிவதற்காக நானே எழுதிய ஒரு துண்டு இது, தொலைக்காட்சி ஜெபத்தின் பாணியில்:

"நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்... திகையாதே... நான் உன்னை விட மாட்டேன் மகளே, அந்த வேலை உனக்குக் கெடைக்கும், இந்த மாசமே கெடைக்கும்... நாங்க உனக்காக ஜெபிக்கிறோம்."

முதல் வரி ஏசாயா 41:10, பழைய தமிழ் வேதாகமத்தின் நடையில். "இருக்கிறேன்", "திகையாதே" என்பவை வீட்டுப் பேச்சில் வராத வடிவங்கள். அங்கே "நான்" என்றால் கடவுள். "நான் உன்னை விட மாட்டேன் மகளே" என்பதில் நடை இறங்கத் தொடங்குகிறது, ஆனால் "நான்" இன்னும் கடவுளாகவே ஒலிக்கிறது. "கெடைக்கும்" என்பது முழுப் பேச்சுத் தமிழ். வேலை இந்த மாதமே கிடைக்கும் என்ற வாக்கு ஏசாயாவில் இல்லை. ஆனால் "என்று" வராததால் அதுவும் வசனத்தின் குடைக்குள் நிற்கிறது. "நாங்க" என்றதும் கடவுள் விலகி, ஊழியக் குழு வந்துவிட்டது. அதுவும் "நாம்" இல்லை, பார்க்கிறவரை வெளியே நிறுத்தும் "நாங்கள்". அடுத்து திரையில் தொலைபேசி எண் வரும் என்று எவரும் எதிர்பார்க்கலாம்.

ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் மறைந்திருக்கும் வேறுபாட்டை நம் மொழி வெளியே காட்டிவிடுகிறது. அதனால் தமிழ்ப் பிரசங்கங்களைப் படிக்கிறவர் "நாம்" எங்கே "நாங்கள்" ஆகிறது என்பதைத் தனி வண்ணத்தில் குறித்துக்கொண்டே போக வேண்டும். பொறி என்னவென்றால், எழுத்தாக்கும்போது பலர் பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாகத் திருத்திவிடுகிறார்கள். "கெடைக்கும்" என்பது "கிடைக்கும்" ஆனதும், நடை இறங்கிய இடமே அழிந்துபோகிறது. நீங்கள் வாதாட வேண்டிய சான்றை நீங்களே அழித்ததாக ஆகும். கேட்டது கேட்டபடி எழுதுங்கள். நிறுத்தங்களையும் சபை "ஆமென்" சொல்லும் இடங்களையும் சேர்த்துக் குறியுங்கள். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு முழு வேலைநாளுக்கு மேல் பிடிக்கும். அதைக் கணக்கில் வைத்துத்தான் எத்தனை உரை என்று முடிவு செய்ய வேண்டும்.

ஆமென் பற்றி ஒன்று. கூட்டத்தில் பதிவான பிரசங்கத்தில் சபையின் மறுமொழி ஒரு தரவு. போதகர் எந்த வாக்கியத்துக்கு மறுமொழி கேட்டார், எதற்குக் கேட்காமலே வந்தது, எதற்குக் கேட்டும் வரவில்லை என்பது மூன்று வேறு விஷயங்கள். ஸ்டுடியோவில் கேமராவைப் பார்த்துப் பேசும் ஒலிபரப்பில் அது இல்லை. அங்கே "உன்" என்று ஒருமையில் அழைப்பது ஏன் என்ற கேள்வி அதிகப் பலன் தரும். இரண்டையும் ஒரே குவியலில் போட்டுப் படிக்காதீர்கள்.

கேட்டவர்களிடம் போவது

இனி நான்காவது. மற்ற மூன்று வழிகளாலும் தொட முடியாத கேள்வி ஒன்று உண்டு: கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? காக்லின் விஷயத்தில் வரலாறே இரண்டு சோதனைகளை வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

1935 ஜனவரியில் அமெரிக்கா உலக நீதிமன்றத்தில் சேர்வதா என்று செனட் வாக்களிக்க இருந்தது. வாக்கெடுப்புக்கு முந்தைய ஞாயிறு, ஜனவரி 27 அன்று, காக்லின் வானொலியில் எதிர்த்துப் பேசி, செனட்டர்களுக்குத் தந்தி அடியுங்கள் என்று கேட்டார். தந்திகள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. ஜனவரி 29 அன்று 52-க்கு 36 என்று வாக்கு விழுந்தது. மூன்றில் இரண்டு பங்கு தேவை, ஏழு வாக்கு குறைந்துபோனது. தீர்மானம் தோற்றது.

மறு ஆண்டு அதே மனிதர் குடியரசுத் தலைவர் தேர்தலில் யூனியன் கட்சி வேட்பாளர் வில்லியம் லெம்கியை ஆதரித்தார். 90 லட்சம் வாக்குகள் வாங்கித் தருகிறேன், இல்லாவிட்டால் வானொலியை விட்டு விலகுகிறேன் என்று சொன்னார். லெம்கிக்குக் கிடைத்தது சுமார் 9 லட்சம். மொத்தத்தில் இரண்டு சதவீதம்கூடத் தேறவில்லை. விலகினார், 1937 தொடக்கத்திலேயே திரும்பியும் வந்தார்.

குரல் ஒன்றே, உத்திகள் ஒன்றே, கேட்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. தந்தி அடிக்கச் சொன்னபோது அடித்தார்கள், வாக்களிக்கச் சொன்னபோது ரூஸ்வெல்டுக்குப் போட்டார்கள். உரைகளை எவ்வளவு நுணுக்கமாகப் படித்தாலும் இந்த வேறுபாட்டை உரைக்குள்ளிருந்து ஊகித்திருக்க முடியாது. தந்திக்குச் சில காசு போதும், எதிர்ப்பு ஏற்கெனவே மக்களிடமும் பல செனட்டர்களிடமும் இருந்தது. வாக்கு என்பது வேலையும் சோறும் கொடுக்கத் தொடங்கியிருந்த ஒருவரைக் கைவிடுவது. 1935-க்குக்கூட உரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட்டின் செய்தித்தாள்களும் அதே வாரத்தில் அதே எதிர்ப்பை முழங்கிக்கொண்டிருந்தன.

ஆகவே "மக்கள் மனதை மாற்றியது" என்ற வாக்கியம் வேண்டும் என்றால் கேட்டவர்களிடம் போகத்தான் வேண்டும். கடிதங்கள் கிடைத்தால் கடிதங்கள், இல்லையென்றால் நேர்காணல், முடிந்தால் ஒரே ஒலிபரப்பை ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசுவது. கடிதங்களுக்கும் ஒரு குறை உண்டு: ஒப்புக்கொண்டவர்களே அதிகம் எழுதுவார்கள். நேர்காணலில் மக்கள் தாங்கள் இப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்று நினைப்பதைச் சொல்வார்கள். இதற்கு மாதக்கணக்கில் நேரமும் மக்களின் நம்பிக்கையும் வேண்டும். அது இல்லாதபோது இந்த வாக்கியத்தை விட்டுவிடுவதே நேர்மை.

அப்படியானால் எதை எடுப்பது

ஒரு செமஸ்டர், ஒரு ஆள், ஒரு கணினி என்றால், என் முடிவு இது. ஒரே போதகரின் முப்பது நாற்பது உரைகளை முழுமையாகத் திரட்டி, எண்ணிக்கையை ஒரு வரைபடம்போலப் பயன்படுத்துங்கள். எந்த உரையில் பேச்சு திரும்புகிறது என்று அது காட்டும். அந்தத் திருப்பத்தின் முன்னும் பின்னும் இரண்டிரண்டு உரைகளை எடுத்து, கேட்டது கேட்டபடி எழுதி, குரல் கைமாறும் இடங்களைப் படியுங்கள். அதே மதத்தைச் சேர்ந்த வேறொருவரின் இரண்டு உரைகளைத் துணைக்கு வையுங்கள். உத்திப் பெயர்ப் பட்டியலைத் தொடவே வேண்டாம்.

எழுதும்போது மூன்று பழக்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, உங்கள் கருத்துக்கு எதிராக நிற்கும் உரையைத் தேடிப் போய் எடுத்து அத்தியாயத்திலேயே வையுங்கள். காக்லினுடைய பட்டியலில் மார்கன் இருப்பதை முதலில் சொல்லும் ஆய்வாளரைத்தான் வாசகர் நம்புவார். இரண்டாவது, மேற்கோளை நீளமாகக் கொடுங்கள். பக்தர்கள் "இடம்பெயர்த்து எடுத்திருக்கிறார்" என்று சொல்வது பல நேரங்களில் நியாயமான குற்றச்சாட்டு. வசனம் தொடங்கும் இடத்திலிருந்து காணிக்கை கேட்கும் இடம் வரை ஒரே துண்டாகக் கொடுத்தால் அதற்கு இடமிருக்காது. மூன்றாவது, ஒவ்வொரு முடிவுக்கும் எழுவாய் யார் என்று பாருங்கள். "உரை இதைச் செய்கிறது" என்பதற்கு உரை போதும். "போதகர் இதை வழக்கமாகச் செய்கிறார்" என்பதற்கு எதிர்ச்சான்றையும் தேடிய பல உரைகள் வேண்டும். "போதகர் இதை நினைத்தே செய்தார்" என்பதற்கு அவர் கடிதமோ நாட்குறிப்போ வேண்டும். "சபை இதை நம்பியது" என்று எழுதும் இடத்தில் சபையிலிருந்து ஒருவர்கூடப் பேசவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

மாணவர்களின் கையெழுத்துப் படிகளில் நான் அதிகம் அடிக்கும் வரி அதுதான். அடித்த பிறகு மீதமிருப்பது பெரும்பாலும் நல்ல ஆய்வாகவே இருக்கிறது.